தரம் இல்லைன்னு திருப்பினா விதைக்கடன் யார் தலையில? ஒப்பந்தச் சாகுபடி பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

கேள்வி: "சிப்ஸ் கம்பெனிக்காக உருளைக்கிழங்கு போடச் சொல்றாங்க. விதைக்கிழங்கு, உரம், மருந்து எல்லாம் அவங்களே முன்னாடி தர்றாங்க, விலையும் இப்பவே நிச்சயம் பண்றாங்க. தரம் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்?"

விலையைக் கடைசியா பாருங்க. முதல்ல திருப்பி அனுப்புற ஷரத்தைப் படிங்க. நிச்சயம் பண்ணின விலை நீங்க விளைவிக்கிற கிழங்குக்கு இல்லை, அவங்க ஏத்துக்கிற கிழங்குக்குத்தான். ஆனா கொடுத்த விதைக்கான பிடித்தம் மட்டும் முழுசா நடக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஆளு மாட்டிக்கிறது.

பணத்தை எல்லாம் ஒப்பந்த விலைப்படி கிலோவா மாத்திட்டா இது தெளிவா தெரியும். ஒரு உதாரணக் கணக்கு போடறேன். ஒரு ஏக்கர்ல 10,000 கிலோ எடுக்கறீங்கன்னு வைங்க. கம்பெனி தந்த விதை, உரம், மருந்து மொத்தம் 3,000 கிலோ கிழங்கின் விலைக்குச் சமம். உழவு, கூலி, தண்ணி, அறுவடைன்னு உங்க கைக்காசு 4,000 கிலோவுக்குச் சமம். எல்லாத்தையும் ஏத்துக்கிட்டா உங்களுக்கு 3,000 கிலோ மிச்சம். 40 சதவீதம் திருப்பிட்டாங்கன்னா? 6,000 கிலோவுக்குத்தான் பணம் வரும், செலவு 7,000. அந்த 4,000 கிலோவை வெளியில கால் பங்கு விலைக்கு வித்தா 1,000 கிலோவுக்குச் சமமா திரும்ப வரும். கணக்கு சரியா பூஜ்யத்துல வந்து நிக்கும். ஒரு பருவம் முழுக்க சும்மா உழைச்ச மாதிரி. கையெழுத்துக்கு முன்னாடி உங்க சொந்த எண்களை வெச்சு இதே கணக்கை 20, 40, 60 சதவீதத்துக்குப் போட்டுப் பாருங்க.

வெளியில விலை ஏன் கால் பங்குன்னு எடுத்தேன்? வெளிச்சந்தை விலை சரிஞ்ச வருஷத்துலதான் தரச் சோதனை திடீர்னு கெடுபிடி ஆகும். ஒப்பந்த விலை அவங்களுக்குப் பாரமாயிடும், தரம்ங்கிறது வெளியேறும் வாசல் ஆயிடும். விலை ஏறின வருஷத்துல விவசாயி வெளியில வித்துடறாங்கன்னு கம்பெனியும் புலம்பும், அதுவும் நெசம்தான். அதனால தரத்தை எண்ணாலயும் முறையாலயும் எழுதி வெக்கணும். "நல்ல தரமான கிழங்கு"ன்னு ஒரு வரி இருந்தா அது ஷரத்தே இல்லை.

சிப்ஸ் கிழங்குல எதைப் பார்ப்பாங்க? அளவு, பச்சை பாய்ஞ்சது, வெட்டுக்காயம், அழுகல். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தகராறு வர்றது கண்ணுக்குத் தெரியாத ரெண்டுல. ஒண்ணு, உலர்பொருள், அதாவது கிழங்குல தண்ணி போக இருக்கிற சத்து. அது குறைஞ்சா எண்ணெய் அதிகம் குடிக்கும், சிப்ஸும் குறைவா கிடைக்கும். இன்னொண்ணு சர்க்கரை. அது கூடினா பொரிக்கும்போது கருத்துப்போகும். முத்தாத கிழங்குலயும், குளிர்ல வெச்ச கிழங்குலயும் சர்க்கரை ஏறும். அறுவடைத் தேதியைக் கம்பெனி சொல்லுதுன்னா, அந்தத் தேதியால வர்ற குறைக்கு அவங்கதான் பொறுப்புன்னு எழுதச் சொல்லுங்க.

உலர்பொருளை நீங்களே ஓரளவு பாத்துக்கலாம். மண் போகக் கழுவித் துடைச்ச கிழங்கு 5 கிலோ எடுங்க. வலைப்பையில போட்டு, தராசுல தொங்கவிட்டு, தண்ணிக்குள்ள முழுசா மூழ்கவெச்சு எடை பாருங்க. பையோட எடையைக் கழிச்சுக்கணும். தண்ணிக்குள்ள 375 கிராம் காட்டுதுன்னு வைங்க. 5,000-ல 375 போக 4,625. 5,000-த்தை 4,625-ஆல வகுத்தா 1.081. இதுதான் ஒப்படர்த்தி, அதாவது தண்ணியை விடக் கிழங்கு எத்தனை மடங்கு கனம்ங்கிற எண். இந்த அளவுல உலர்பொருள் சுமாரா 20 சதவீதம் இருக்கும். பொதுவா சிப்ஸுக்குக் கேக்கறது இதை ஒட்டித்தான். லாரி ஏத்தறதுக்கு முன்னாடி இந்த எண்ணைத் தேதியோட எழுதி வெச்சுக்கோங்க. ஆலை வாசல்ல வேற எண் சொன்னா, பேச உங்க கையில ஒண்ணு இருக்கும்.

சோதனை எங்க நடக்குதுங்கிறது அடுத்தது. வயல்லயா, கொள்முதல் நிலையத்துலயா, ஆலை வாசல்லயா? ஆலை வாசல்னா லாரி வெயில்ல நிக்கிற நேரத்துல வர்ற அழுகலும் எடைக்குறைவும் உங்க கணக்குல விழும். வண்டி வந்து சேர்ந்து இத்தனை மணி நேரத்துக்குள்ள சோதிக்கணும், தவறினா ஏத்துக்கிட்டதா அர்த்தம்னு ஒரு வரி இருக்கட்டும். மாதிரியை உங்க ஆள் முன்னாடி எடுத்து மூணா பிரிச்சு முத்திரை வெக்கணும்: ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு உங்களுக்கு, மூணாவது தகராறு வந்தா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட பொது ஆய்வகத்துக்கு. கிழங்கு சீக்கிரம் கெடும், அதனால எத்தனை நாள்ல முடிவு வரணும்னும் சேர்த்து எழுதுங்க.

கொஞ்சம் குறைக்கு மொத்த லாரியும் திரும்பக் கூடாது. குறை இவ்வளவு சதவீதம் வரைக்கும் பிடித்தம் இல்லை, அதுக்கு மேல இவ்வளவு வரைக்கும் விலைக்கழிவு, அதையும் தாண்டினாத்தான் திருப்பலாம்னு படிப்படியா கேளுங்க. திருப்பினா காரணமும் எண்ணும் போட்டு எழுத்துல சீட்டு தரணும், அந்தச் சரக்கை யாருக்கு வேணா விக்கலாம்னும் இருக்கணும். இது இல்லேன்னா, வெளியில வித்ததுக்கே ஒப்பந்தத்தை மீறினீங்கன்னு சொல்லிடுவாங்க. அப்படியும் நடக்குது.

இப்ப முன்பணம். விதைக்கும் உரத்துக்கும் என்ன விலை போட்டிருக்காங்கன்னு ஒவ்வொண்ணா பட்டியல் வாங்குங்க. கிழங்கு விலையைக் கூட்டிக் காட்டி, விதை விலையில எடுத்துக்கிறது பழைய வித்தை. முதல் லாரியிலேயே மொத்தத்தையும் பிடிக்காம, ஒவ்வொரு லாரித் தொகையிலயும் இத்தனை சதவீதத்துக்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு வரம்பு போடுங்க. கூலிக்குக் கையில காசு வேணும்ல.

ரொம்ப முக்கியமானது, விதை அவங்களோடது. அது மோசமா இருந்து விளைச்சலோ தரமோ குறைஞ்சா, விதைத் தொகையைப் பிடிக்கக் கூடாது, நஷ்டத்துலயும் பங்கு ஏத்துக்கணும். இதை நிரூபிக்கிற வேலை உங்களோடதாத்தான் வந்து விழும். மூட்டைச் சீட்டைக் கிழிக்காம வெச்சுக்கோங்க, அதுல குவியல் எண் இருக்கும், எந்தத் தொகுதி விதைன்னு காட்டுறது அதுதான். மூட்டை பிரிக்கும்போதே அழுகல் இருந்தா போட்டோ எடுத்து அன்னைக்கே அனுப்புங்க. நட்டு ஒரு மாசம் ஆனதும் நாலைஞ்சு இடத்துல நூறு நூறு குழியை எண்ணி, எத்தனை முளைச்சிருக்குன்னு குறிச்சு, வயலுக்கு வர்ற கம்பெனி ஆளோட கையெழுத்தை வாங்குங்க. அறுவடை முடிஞ்ச பிறகு விதை சரியில்லைன்னு சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க.

மழை வெள்ளத்துல பயிர் போனா முன்பணம் தள்ளுபடியா, இல்லை வட்டியில்லாம அடுத்த பருவத்துக்குத் தள்ளுமா, அதையும் எழுதணும். அளவும் "இத்தனை டன் தருவேன்"னு வேண்டாம், "இத்தனை ஏக்கர்ல விளையறது"ன்னு இருக்கட்டும். டன் கணக்குன்னா, குறைஞ்ச சரக்கை வெளியில வாங்கிக் கொடுன்னு கேக்க இடம் ஆயிடும். ஜாமீனா தொகை எழுதாத காசோலையோ நிலப் பத்திரமோ கேட்டா கொடுக்காதீங்க. விளைச்சல் மேல பிடித்தம் போதும். அது போதாதுன்னு சொல்ற கம்பெனிகிட்ட, அப்ப நீங்க எவ்வளவு திருப்பி அனுப்பலாம்னு கணக்குப் போட்டிருக்கீங்கன்னு நேரடியாவே கேட்டுடுங்க.