நோயாளி கிளம்பிப் போனால் வெயிட்டிங் டைம் குறையுமா? ஓ.பி. டாஷ்போர்டு ப்ரொபோசலில் எல்லோரும் விடுகிற இடம்

வணக்கம் நண்பர்களே! காத்திருந்து சலித்த நோயாளி டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டால், அந்தத் துறையின் சராசரி காத்திருப்பு நேரம் குறைந்துவிடும். நம்ப முடியவில்லை அல்லவா? ஓ.பி.யில் எந்தத் துறையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று திரையில் காட்டுகிற டாஷ்போர்டு வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு ப்ரொபோசல் எழுதுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: 10 டோக்கன்கள்]

எலும்பு ஓ.பி.யில் 10 பேர் டோக்கன் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். எட்டுப் பேர் 20, 25, 25, 30, 30, 35, 40, 45 நிமிஷத்தில் டாக்டரைப் பார்த்துவிடுகிறார்கள். மீதி இரண்டு பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் சராசரி 61 நிமிஷம். அவர்களே கடைசி பஸ்ஸை விடக்கூடாது என்று நடுவில் கிளம்பிவிட்டால், டாக்டர் பார்த்த நேரம் காலியாக இருப்பதால் இரண்டு டோக்கனும் கணக்கிலிருந்து கழன்றுவிடும், சராசரி 31 ஆகிவிடும்! கூட்டத்தைச் சமாளிக்க முடியாத துறைதான் டாஷ்போர்டில் பச்சையாகத் தெரியும். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதனால் ப்ரொபோசலில் சராசரியை மட்டும் கேட்காதீர்கள். பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிஷத்துக்குள் டாக்டரைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள், பக்கத்திலேயே 'பார்க்காமல் போனவர்கள்' எண்ணிக்கையும் இருக்கட்டும். சரி, நேரம் காலியாக இருந்தால் அவர் போய்விட்டார் என்றுதான் அர்த்தமா? இல்லை, டாக்டர் பார்த்தும் யாரும் பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம். அதே ஓ.பி. எண்ணுக்கு மருந்து கவுண்டரில் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் அவரை டாக்டர் பார்த்திருக்கிறார், பதிவுதான் விட்டுப்போயிருக்கிறது. நாற்பது பேருடைய நேரமும் ஓ.பி. முடிகிற கடைசி ஐந்து நிமிஷத்தில் விழுந்திருந்தால், யாரோ மொத்தமாக உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார்கள், அன்றைய தரவை நம்ப வேண்டாம்.

அடுத்தது எக்ஸ்ரே. எலும்பு டாக்டர் பத்து நிமிஷத்தில் பார்த்துப் படம் எடுக்க அனுப்புகிறார், நோயாளி எக்ஸ்ரே வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். துறைவாரியாக மட்டும் பார்த்தால் பழி முழுக்க எலும்புத் துறை மேல். எக்ஸ்ரேவுக்கு அனுப்பிய நேரம், படம் எடுத்து முடித்த நேரம் இரண்டையும் தனியாகப் பதியச் சொல்லுங்கள்.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதையும் எழுதிவிடுங்கள். ஓ.பி. சீட்டு கிடைத்த நேரத்திலிருந்து எண்ணினால் கவுண்டர் வரிசையில் நின்றது கணக்கில் வராது. ஆபா என்கிற தேசிய சுகாதார அடையாள எண்ணை வைத்து 2022-இல் வந்த ஸ்கேன் அண்ட் ஷேர் வசதி இருக்கும் ஆஸ்பத்திரியில், க்யூ.ஆர். ஸ்கேன் செய்ததும் டோக்கன் வந்துவிடும், அங்கிருந்து எண்ணலாம்.

பட்ஜெட், சர்வர் எல்லாம் ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு துறையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், என் தேர்வு எலும்பு ஓ.பி.தான்.

ஓ.பி. கவுண்டரில் வேலை செய்பவர்கள் யாராவது பார்க்கிறீர்களா? பார்க்காமல் போனவர்களை உங்கள் ஆஸ்பத்திரியில் எப்படிப் பதிகிறார்கள் என்று கமெண்ட்டில் சொல்லுங்கள்.