சம்பளம் ஒண்ணுதான், ஆனா 13,000 திர்ஹாம் எங்க போச்சு? துபாய் கிளம்புறவங்க கையெழுத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டிய ஒரே ஒரு வரி

ரெண்டு பேர். ஒரே விமானம், ஒரே மாதிரி வேலை, ரெண்டு பேருக்கும் மாசம் 1500 திர்ஹாம். 5 வருஷம் முடிச்சு ஊருக்குக் கிளம்பும்போது கணக்கு முடிக்கிறாங்க. ஒருத்தர் கையில பணிக்கொடையா 5250 திர்ஹாம். இன்னொருத்தர் கையில 2800. யாரும் அவரோட காசைத் திருடலை. அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்துலயே அது இருந்துச்சு, ஒரே ஒரு வரியில. அந்த வரியைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

வணக்கம் மக்களே. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு கம்பெனி வேலைக்குப் போறவங்களுக்கான வீடியோ இது. வீட்டு வேலைக்குப் போறவங்களுக்கு அங்க தனிச் சட்டம் இருக்கு, அதனால இந்தக் கணக்கு அவங்களுக்கு அப்படியே பொருந்தாது.

[திரையில்: ஆஃபர் லெட்டரின் சம்பளப் பகுதி பெரிதாக]

ஆஃபர் லெட்டர்ல சம்பளம்னு ஒரு பகுதி இருக்கும். ஏஜென்ட் உங்களுக்குச் சொன்னது கடைசியில இருக்கிற மொத்தத் தொகை. அதுக்கு மேல பாருங்க: பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். அப்புறம் தங்குறதுக்கு, போக்குவரத்துக்கு, மத்ததுக்குன்னு அலவன்ஸ். நம்ம முதல் ஆளுக்கு பேசிக் 1500. ரெண்டாவது ஆளுக்கு பேசிக் 800, அலவன்ஸ் 700. மாசாமாசம் கைக்கு வர்றது ஒண்ணுதான், அதனால யாருக்கும் சந்தேகமே வராது.

ஆனா அமீரகத்தோட 2021 தொழிலாளர் சட்டத்துல பணிக்கொடை, ஓவர்டைம் ரெண்டுமே பேசிக்கை வச்சுத்தான். ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு, முதல் 5 வருஷம் வரைக்கும் வருஷத்துக்கு 21 நாள் பேசிக் பணிக்கொடை. 800ஐ 30 நாளா வகுத்தா ஒரு நாளைக்கு 26.67. அதை 21 நாளுக்குப் பெருக்கினா 560. அஞ்சு வருஷத்துக்கு 2800. பேசிக் 1500னா ஒரு நாளைக்கு 50, வருஷத்துக்கு 1050, அஞ்சு வருஷத்துக்கு 5250.

இது சின்ன அடிதான். பெரிய அடி ஓவர்டைம்ல. கொஞ்சம் பொறுமையா கேளுங்க, இந்த வீடியோவுலயே முக்கியமான இடம் இதுதான்.

எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்தா, பேசிக்ல ஒரு மணி நேரக் கூலியோட 25 சதவீதம் சேர்த்துக் கொடுக்கணும். ராத்திரி 10 மணியில இருந்து காலையில 4 மணிக்குள்ளன்னா 50 சதவீதம், ஷிப்ட் முறையில வேலை பார்க்கிறவங்களுக்கு மட்டும் இது கிடையாது. பேசிக் 800ன்னா மணிக்கு 3.33, 25 சதவீதம் சேர்த்தா 4.17. பேசிக் 1500ன்னா மணிக்கு 6.25, சேர்த்தா 7.81. தினம் ரெண்டு மணி நேரம், மாசம் 26 நாள், மொத்தம் 52 மணி நேரம்னு வச்சுக்கோங்க. முதல் ஆளுக்கு ஓவர்டைம் 406 திர்ஹாம். ரெண்டாவது ஆளுக்கு 217. மாசம் சுமார் 190 திர்ஹாம் வித்தியாசம். 60 மாசத்துக்குப் போட்டா 11,000த்தைத் தாண்டுது. பணிக்கொடையில போன 2450ஐயும் சேர்த்தா 13,000த்துக்கு மேல. வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு அது.

இப்படிப் பிரிச்சுப் போடுறது சட்டப்படி தப்பில்லை. அங்க போய்ப் புகார் கொடுத்தாலும் இதை மாத்த முடியாது. அதனாலதான் கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னாடி. "மொத்தம் எவ்வளவு"ன்னு கேட்காதீங்க. "பேசிக் எவ்வளவு?"ன்னு கேளுங்க. "தங்குற இடம் கம்பெனி தருதா, இல்ல அலவன்ஸ்ல இருந்து நானே பார்த்துக்கணுமா?"ன்னும் கேளுங்க.

சரி, இங்கிலீஷ் தெரியாதவங்க இதை எப்படிப் படிக்கிறது? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அமீரகத்தோட மனிதவள அமைச்சகம் அந்த ஆஃபர் லெட்டரை அரபி, இங்கிலீஷோட மூணாவதா தொழிலாளிக்குப் புரியற மொழியிலயும் தருது. அந்த மொழிகள்ல தமிழும் இருக்கு! ஏஜென்ட்கிட்ட, "தமிழ்ல இருக்கிற ஆஃபர் லெட்டர் கொடுங்க, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுறேன்"னு சொல்லுங்க. அவர் கம்பெனி லெட்டர்பேட்ல அடிச்ச ஒரு பக்கத்தை மட்டும் நீட்டினா, அது அமைச்சகத்தோட ஆஃபர் லெட்டர் இல்லை. அமைச்சகத்தோடதுல பரிவர்த்தனை எண் இருக்கும், அதை mohre.gov.ae தளத்துல போட்டுப் பார்க்கலாம்.

நீங்க இங்க கையெழுத்துப் போட்ட ஆஃபர்தான் அங்க ஒப்பந்தமா மாறணும். சம்பளத்தைக் குறைச்சோ வேலையை மாத்தியோ புதுசா ஒப்பந்தம் போட முடியாது. ஏமாத்துறது எப்படின்னா, இறங்கின மறுநாள் மெடிக்கலுக்குப் போற அவசரத்துல, "இதுல ஒரு சைன் போடு தம்பி"ன்னு அரபியில ஒரு காகிதம் வரும். அந்த நேரத்துல ஒப்பிட்டுப் பார்க்க உங்க கையில பழைய ஆஃபர் இருக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, வீட்டுல ஒருத்தருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. போன் தொலைஞ்சாலும் அது இருக்கும்.

[திரையில்: விசிட் விசா, எம்ப்ளாய்மென்ட் விசா பக்கத்தில் பக்கத்தில்]

"விசிட்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்"னு சொல்றாங்களா? எழுந்து வந்துடுங்க. விசிட் விசாவுல வேலை பார்க்கிறது அங்க சட்டவிரோதம். ஒப்பந்தம் பதிவாகாது, சம்பளம் பேங்க் வழியா வராது, அப்புறம் எதை வச்சுப் புகார் கொடுப்பீங்க?

பணம் விஷயம் சுருக்கமா. அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கிற செலவை முதலாளி தொழிலாளிகிட்ட நேரடியாவோ மறைமுகமாவோ வாங்கக் கூடாது. இந்தியாவுல பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தோட உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதுக்கு ரசீது தரணும். "ரசீது எல்லாம் வேண்டாம், அண்ணன் பார்த்துக்கிறேன்"னு லட்சக்கணக்குல கேட்கிறவர் பெரும்பாலும் சப் ஏஜென்ட். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. emigrate.gov.in தளத்துல பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கு. ஆபீஸ் போர்டுல இருக்கிற பேரும் லைசென்ஸ் எண்ணும் அந்தப் பட்டியல்ல இருக்கிறதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகுதான்னு பாருங்க. அடுத்தவர் லைசென்ஸ் எண்ணைப் போட்டு நோட்டீஸ் அடிக்கிறவங்க இருக்காங்க, அதனால பட்டியல்ல இருக்கிற போன் நம்பருக்கே கூப்பிட்டு, "இந்த வேலைக்கு நீங்கதான் ஆள் எடுக்கறீங்களா?"ன்னு கேட்டுடுங்க.

அங்க போன பிறகு ரெண்டு பொருள் உங்க கையை விட்டுப் போகக் கூடாது. ஒண்ணு பாஸ்போர்ட். விசா, பதிவு வேலைக்குக் கொடுத்தா வாங்கிட்டு வந்துடணும். முதலாளி அதைப் பூட்டி வைக்க அந்த நாட்டுச் சட்டமே தடை போடுது. இன்னொண்ணு சம்பள ஏடிஎம் கார்டு. சம்பளம் பேங்க் வழியா போகுதான்னு அரசாங்கம் பார்த்துக்கிட்டே இருக்கு. அதை ஏமாத்த, சில இடத்துல எல்லாரோட கார்டையும் பின் நம்பரையும் சூப்பர்வைசர் வாங்கி வச்சுக்கிட்டு, முழுச் சம்பளம் ஏறினதும் எடுத்து, கையில பாதியைக் கொடுப்பாங்க. பதிவுல முழுச் சம்பளம் கொடுத்ததாத்தான் இருக்கும். கார்டைக் கொடுத்துட்டீங்கன்னா உங்க சாட்சியையும் சேர்த்துக் கொடுத்துட்டீங்க.

கெடு தேதி தாண்டியும் சம்பளம் வரலைன்னா சும்மா இருக்காதீங்க. அமைச்சகத்தோட 600590000 எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்கலாம். கூப்பிடும்போது ஒப்பந்தத்தோட போட்டோவும், கடைசியா சம்பளம் வந்த தேதியும் கையில இருக்கட்டும். சம்பளம் வரலையேன்னு புகார் கொடுக்காம கேம்பை விட்டு ஓடிடாதீங்க. முதலாளி உங்க மேல "ஆள் காணோம்"னு பதிவு பண்ணிட்டா, அப்புறம் உங்க நேரமெல்லாம் அந்தப் பதிவை நீக்குறதுலயே போயிடும்.

இப்பவே ஆஃபர் லெட்டர் கையில இருக்கா? வீடியோவை நிறுத்திட்டு, பேசிக்னு போட்டிருக்கிற இடத்துல என்ன எண் இருக்குன்னு பாருங்க. அதை 30ஆல வகுத்து, வர்றதை 8ஆல வகுத்து, கிடைக்கிறதை 1.25ஆல பெருக்குங்க. உங்க ஓவர்டைம் மணிக்கூலி அதுதான்.