கன்டென்ட் காலண்டர்ல ஒரே ஐடியா திரும்பத் திரும்ப வருதா?

கேள்வி: "மேடம், மரச்செக்கு எண்ணெய் விக்கிறேன். இன்ஸ்டாகிராமுக்கு மாசம் 20 போஸ்ட் பிளான் பண்றேன். பாதிக்கு மேல 'நல்லெண்ணெயின் நன்மைகள்' மாதிரியே வந்து நிக்குது. எப்படி மாத்துறது?"

முதல்ல புது ஐடியா தேடாதீங்க. இருக்கிற 20-ஐயும் கூகுள் ஷீட்ல ரெண்டாவது வரியிலேர்ந்து வரிசையா போடுங்க. A-ல தலைப்பு, B-ல கரு, C-ல வடிவம், D-ல யாருக்கு. இந்த D-ல மூணே பேர்தான்: நம்மளைத் தெரியாதவங்க, வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க, ஏற்கெனவே வாங்கினவங்க.

கருங்கிற இடத்துல தலைப்பையே திரும்ப எழுதிடாதீங்க. பார்க்கிறவங்களுக்கு அதுல புதுசா என்ன தெரியவரும்னு யோசிச்சு, ரெண்டு மூணு வார்த்தையில போடுங்க. 'நல்லெண்ணெய் 5 நன்மை', 'பாட்டி சொன்ன நல்லெண்ணெய் ரகசியம்' ரெண்டுக்கும் கரு 'உடம்புக்கு நல்லது'தான். போஸ்டரை ரீலா மாத்திட்டா புதுசாயிடுச்சுன்னு நினைக்கிறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு.

அடுத்து E2-ல இதைப் போட்டு, கீழ வரைக்கும் இழுத்துவிடுங்க:

```
=COUNTIFS(B$2:B$21,B2,D$2:D$21,D2)
```

ஒரே கரு ஒரே ஆளுக்கு எத்தனை தடவை போகுதுன்னு இது காட்டும். வடிவத்தை வேணும்னேதான் இதுல சேர்க்கலை, போஸ்டர் ரீலா மாறினாலும் கரு அதேதானே. கருவை ஒரு வரியில 'உடம்புக்கு நல்லது', இன்னொண்ணுல 'உடலுக்கு நல்லது'ன்னு அடிச்சா தனித்தனியா எண்ணும். D-லயும் அதே கதைதான். அதனால B, D ரெண்டுக்கும் Data validation-ல டிராப்டவுன் வெச்சுடுங்க.

உங்க ஷீட்ல 'உடம்புக்கு நல்லது - தெரியாதவங்க'ன்னு 11 வந்துச்சுன்னு வைங்க. சமையல், எண்ணெய்க் குளியல், ஊறுகாய்னு பயன் நிஜமாவே வேற வேறயா இருக்கிற மூணை வெச்சுக்கிட்டு, மிச்சம் எட்டை எடுத்துடுங்க. அந்த எட்டு இடத்துக்கு உங்க வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்க, ஐடியா அங்கதான் கிடக்கு. 'கடை எண்ணெயை விட ஏன் இவ்ளோ விலை?'ன்னு கேக்கிறவர் யோசிக்கிற ஆள். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள்ளு போகுதுன்னு தராசுல வெச்சே ஒரு ரீல் எடுத்துடலாம். 'ஆட்டும்போது கருப்பட்டி எதுக்குப் போடுறீங்க?' அதுக்கு செக்குப் பக்கத்துலயே நின்னு பதில் சொல்லுங்க. 'தேங்காய் எண்ணெய் உறைஞ்சுபோச்சு, கெட்டுடுச்சா?'ன்னு கேக்கிறவங்க வாங்கினவங்க. 24 டிகிரிக்குக் கீழ போனா உறையத்தான் செய்யும்னு மார்கழிக்கு முன்னாடியே ஒரு போஸ்ட் போட்டுட்டா, அந்த போன் கால் பாதி குறையும். பாட்டிலை எங்க வைக்கணும், அடியில மண்டி ஏன் நிக்குதுங்கிறதெல்லாம் படிப்படியா காட்டவேண்டியது, அதுக்கு ஸ்லைடு போஸ்ட்தான் சரி.

எட்டையும் மூணு பேருக்கும் சமமாப் பிரிக்கணும்னு இல்லை. விசாரிச்சுட்டு வாங்காமப் போறவங்க நிறையன்னா, அஞ்சை யோசிக்கிறவங்களுக்கே கொடுங்க.

கடைசியா தேதி போடும்போது ஒரே கரு அடுத்தடுத்து வராம, நடுவுல ரெண்டு போஸ்டாவது வேற இருக்கட்டும். ஆர்டர் பண்றது எப்படி, டெலிவரி எத்தனை நாள்ங்கிற போஸ்ட் மட்டும் மாசம் ரெண்டு தடவை வந்தா தப்பே இல்லை, அதுல கை வைக்காதீங்க.