முருகய்யாவும் நூறு கிலோ பச்சைக் காயும்

குமுளி வாசக நண்பர்களுக்கு வணக்கம். ஒரு கதையின் நாயகரை அவருடைய குறையே எப்படி வீழ்த்துகிறது என்பதை, நம் மலையிலேயே இருக்கக்கூடிய ஓர் ஆளை வைத்துப் பேசுகிறேன். நான் எழுதிய சிறுகதையின் நாயகர், முருகய்யா.

கம்பத்திலிருந்து வந்து வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். முதல் காட்சியில் பக்கத்துத் தோட்டத்துத் தோமாச்சன் வாங்கித் தந்த டீக்குக் காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். வாசகருக்கு அவரைப் பிடித்துவிடும். ஆனால் அவர் குறை அங்கேதான் இருக்கிறது: ஒருவரிடம் உதவி பெற்றால் தான் சிறுத்துப்போவோம் என்ற பயம். குடி, சூது என்று வைத்திருந்தால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். மெச்சத்தக்க குணமாகத் தெரிவதால்தான் இது மறைந்து நிற்கிறது.

நூறு கிலோ பச்சைக் காய் பறித்த அன்று, அவர் வழக்கமாகக் காசு கொடுத்துக் காய வைக்கும் ஸ்டோரில் மோட்டார் பழுது. "அண்ணா, காய் இங்கோட்டு கொண்டு வா" என்கிறார் தோமாச்சன், கூலி வேண்டாம் என்றும் சொல்கிறார். அந்தச் சொல்தான் முருகய்யாவைத் தடுக்கிறது. காய் ராத்திரி முழுக்கச் சாக்கில் வெந்து பச்சை நிறம் போகிறது. காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு, இருபது கிலோதான் தேறும். அதுவும் வெளிறிப்போனதால் புற்றடி ஏலத்தில் விலை படியவில்லை.

சரி, குத்தகைப் பணத்துக்கு என்ன வழி? "எங்க அண்ணன்கிட்ட கேட்கலாங்க" என்கிறாள் மனைவி. அவரோ அடுத்த பறிப்புக்கு இருபது கிலோ உலர்ந்த காய் தருவதாகச் சொல்லி, வியாபாரியிடம் மட்டமான விலைக்கு முன்பணம் வாங்குகிறார். இது கடனில்லை, வியாபாரம் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார். அப்புறம் நாள் நெருங்க, "இது பிஞ்சுங்க அய்யா" என்று பறிக்க வந்த பெண்கள் சொல்லியும் பறிக்கச் சொல்கிறார். பிஞ்சு காய்ந்தால் சுருங்கும். எடை வரவில்லை.

ஒவ்வொரு இடத்திலும் இன்னொரு கதவு திறந்தே இருப்பதைக் கவனியுங்கள். வாசகர் அதைப் பார்க்கிறார், அவர் பார்ப்பதில்லை. என் முதல் வரைவில் மழை பெய்து மண் சரிந்து, காயை ஸ்டோருக்குக் கொண்டுபோக வழியில்லாமல் போனது. அந்த இடத்தில் வேறு யாரை நிறுத்தினாலும் காய் கெட்டிருக்கும். அப்படியென்றால் கெடுத்தது மழை, முருகய்யா இல்லை. மழையை எடுத்துவிட்டேன். "உங்க கௌரவம்தான் நம்மளக் கெடுத்துச்சு" என்று மனைவி சொன்ன வரியையும் வலியோடு அடித்தேன். நல்ல வரிதான். ஆனால் வாசகர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை அது பறித்துக்கொண்டது.

கடைசியில் மறுபடி டீக்கடை. தோமாச்சன் காசு கொடுத்துவிட்டார். முருகய்யா மடித்த பத்து ரூபாயை அவர் சட்டைப்பையில் செருகிவிட்டுக் கம்பம் ஜீப்பில் ஏறுகிறார். முதல் காட்சியில் அவர் எண்ணிக் கொடுத்த அதே காசு.