கிரீம் கெட்டுப்போச்சுன்னு புகார் வந்தா என்ன பண்றது?

கேள்வி: "அக்கா, வீட்ல கற்றாழை கிரீம் செஞ்சு வாட்ஸ்அப்ல விக்கிறேன். போன தடவை போட்ட 40 டப்பால ஒருத்தங்க புளிச்ச வாடை வருதுங்கறாங்க, இன்னொருத்தங்க முகம் சிவந்து எரியுதுங்கறாங்க. அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தா போதுமா?"

போதாதும்மா. எரிச்சல் மட்டும் ஒருத்தருக்கு வந்திருந்தா அவங்க தோலுக்கு ஒத்துக்கலையோன்னு யோசிக்கலாம். வாடையும் சேர்ந்து வந்திருக்கே, அப்போ அந்த 40 டப்பாவையுமே சந்தேகப்படணும். கையில மீதி இருக்கறதை இன்னைக்கே தனியா எடுத்து வைங்க, ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது.

முதல்ல எரியுதுன்னு சொன்னவங்களுக்கு போன் பண்ணுங்க. தண்ணியில மெதுவா கழுவச் சொல்லுங்க, அதுமேல வேற எதுவும் தடவ வேண்டாம்னு சொல்லுங்க. முகம் வீங்குது, மூச்சு முட்டுதுன்னா உடனே ஆஸ்பத்திரி. எரிச்சல் அடங்கலைன்னா தோல் டாக்டர்கிட்ட போகட்டும். நீங்க என்னென்ன போட்டீங்கன்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க, வாசனை எண்ணெய் உட்பட. தயவுசெஞ்சு "மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எரிச்சல்ல இருக்கறவங்க அதுக்கப்புறம் உங்ககிட்ட வாயே திறக்க மாட்டாங்க, உங்களுக்கும் விஷயம் தெரியாமலே போயிடும்.

அடுத்து, அந்த கிரீம் வாங்கின எல்லாருக்கும் தனித்தனியா மெசேஜ். ஸ்டேட்டஸ்ல போட்டா பாதிப் பேர் பார்க்க மாட்டாங்க. இப்படி எழுதுங்க: "இந்தத் தேதியில செஞ்ச கற்றாழை கிரீம்ல ரெண்டு புகார் வந்திருக்கு. உங்க டப்பா நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் இனி பூச வேண்டாம். தூக்கிப் போடாம மூடி வைங்க, நானே வாங்கிக்கிறேன். முழுப் பணமும் தர்றேன்." 'நல்லா இருந்தாலும்'ங்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா கிருமி நிறையப் பெருகின பிறகும் கிரீம் பார்க்க வெள்ளையா, வழுவழுன்னே இருக்கலாம். பதில் போடாதவங்களுக்குப் போன் பண்ணுங்க. பேர், வாங்கின தேதி, என்ன சொன்னாங்க, டப்பா திரும்பி வந்துச்சா, எல்லாம் ஒரு நோட்டுல இருக்கட்டும்.

திரும்பி வந்ததையும் நீங்க திறக்காம வச்சிருக்கறதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. திறக்காததுலயும் அதே வாடை, கறுப்பு இல்லன்னா பச்சைப் புள்ளி இருந்தா கோளாறு நீங்க செஞ்சதுலதான். அவங்களோடது மட்டும் கெட்டிருந்தா ஈரக்கை பட்டிருக்கலாம். ஆனா திறக்காதது நல்லா தெரியுதுன்னு திரும்ப விக்கவே கூடாது. சூடு பண்ணிக் கலக்கறது, இப்போ பிரிசர்வேட்டிவ் சேர்க்கறது, எதுவும் கெட்டுப்போன கிரீமைக் காப்பாத்தாது. லேப்ல கொடுத்துக் கிருமி இருக்கான்னு பார்க்கணும்னா ஒண்ணு ரெண்டு டப்பா வச்சுக்கிட்டு மீதியை அழிச்சிடுங்க.

காரணம் பெரும்பாலும் இதுதான்: தோட்டத்துக் கற்றாழைச் சோறு, தண்ணி, கூட வைட்டமின் ஈ மட்டும் போட்டு, பிரிசர்வேட்டிவ் போடாம விடறது. எண்ணெய்ல சிக்கு வாடை அடிக்காம வைட்டமின் ஈ பார்த்துக்கும், ஆனா கிருமியைத் தடுக்காது. கற்றாழையை வெட்டினதும் வடியற மஞ்சப் பாலை முழுசா கழுவலைன்னா அதுவே சில பேருக்கு எரியும். விக்கறதுக்காக கிரீம் செய்யறதுக்கு 2020 காஸ்மெடிக்ஸ் விதிகள்படி லைசென்ஸும் வேணும். அதுக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில விசாரிங்க. அது கைக்கு வந்து, காரணமும் தெரிஞ்ச பிறகு அடுத்ததைப் போடுங்க. அதுல ஒவ்வொரு டப்பாவுலயும் பேட்ச் நம்பர் எழுதி, ஒரு டப்பாவை விக்காம எடுத்து வைங்க.