அரைச் சூரியன் காலையா, மாலையா? மாத்திரைக் கவரில் படம் போடும்போது

[திரையில்: காகிதக் கவர். பேனாவில் வரைந்த அரை வட்டம், அடியில் ஒரு கோடு.]

இது என்ன படம்?

கன்னியாகுமரி கடற்கரையில் நின்று கேட்டால் பாதிப் பேர் உதயம் என்பார்கள், பாதிப் பேர் அஸ்தமனம் என்பார்கள். இரண்டையும் கடலில் பார்க்கிற ஊர். 'காலை' என்று சொல்லத்தான் நான் இதை வரைந்தேன். வாங்கிப்போன பாட்டி 'அரை மாத்திரை' என்று புரிந்துகொண்டார். அவர்மேல் குற்றமில்லை. அதே கவரில் ஒரு மாத்திரைக்கு முழு வட்டம் போட்டிருந்தேன். அப்போது அரை வட்டம் வேறு என்னவாக இருக்கும்?

[திரையில்: 1-0-1]

நாங்கள் மருந்தாளுநர்கள் வழக்கமாக எழுதுவது இது. காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் நம் கன்னியாகுமரிதான், ஏறத்தாழ 92 சதவீதம். ஆனால் தினமும் மாத்திரை வாங்க வருகிறவர்களில் வயதானவர்கள்தான் அதிகம். சிலருக்கு எழுத்து தெரியாது, சிலருக்குக் கண்புரை.

வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா? 2006இல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் சோதித்தார்கள். லேபிளில் இருந்தது, 'இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை'. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். 'ஒரு நாளுக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள்' என்றதும் நான்கு மாத்திரையைச் சரியாக எடுத்தவர்கள் 35 சதவீதம்தான். அதனால்தான் வாயால் சொல்லச் சொல்வதோடு நான் விடுவதில்லை.

[திரையில்: ரப்பர் தோட்டம், இருட்டு, நெற்றி விளக்கு]

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு பெரியவர். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, காலையில் ஒன்று. கவரில் நல்ல முழுச் சூரியன், கதிரெல்லாம் போட்டு வரைந்திருந்தேன். அவர் எழுந்திருப்பது மூன்றரை மணிக்கு. எழுந்ததும் மாத்திரையைப் போட்டு, கட்டஞ்சாயா குடித்துவிட்டு வெட்டப் போய்விடுவார். பழங்கஞ்சி குடிப்பது ஒன்பதரைக்கு.

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்க்காது. அதனால்தான் அன்றைய முதல் பெரிய சாப்பாட்டை ஒட்டி அதைப் போடச் சொல்கிறோம். இவர் ஆறு மணி நேரம் முந்திவிட்டார். எட்டு மணிவாக்கில் வியர்வை, கை நடுக்கம். பால் வெட்டுகிறவருக்கு வியர்ப்பது புதிதா? வேலைக் களைப்பு என்றே நினைத்திருக்கிறார். 'கத்தி கையில் நிற்கமாட்டேங்குது மக்களே' என்று அவர் வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

சூரியன் ஒரு நேரத்தைச் சொல்கிறது. இந்த மாத்திரைக்கு வேண்டியதோ சாப்பாடு. ராத்திரி கடலுக்குப் போய் விடிந்த பிறகு கரையேறும் குளச்சல்காரருக்கும் இதே சிக்கல்தான். அவருக்கு நிலா என்றால் வேலை நேரம்.

[திரையில்: புதிய கவர். கஞ்சிக் கிண்ணம், கையில் ஒரு மாத்திரை.]

மாற்றி வரைந்தேன். கிண்ணம், அதன் பக்கத்தில் ஒரு மாத்திரை, அசல் அளவில், அசல் நிறத்தில். வாயால் சொன்னதும் அதேதான்: 'பழங்கஞ்சி குடிக்க உட்காரும்போது ஒன்று. அன்றைக்குக் கஞ்சி இல்லையென்றால் மாத்திரையும் இல்லை.' அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் படம் போட்டுப் பார்த்தேன். கிண்ணத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. பார்த்தவர்கள் 'கஞ்சி குடிக்கக் கூடாது' என்றார்கள்! நேர் எதிர் அர்த்தம். கிழித்துப் போட்டேன். 'அப்படியானால் இப்படி' என்கிற பேச்சைப் படத்தில் அடக்க முடியவில்லை, வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

படத்தைச் சோதிக்க அமெரிக்கத் தரநிலை ஒன்று இருக்கிறது. பார்ப்பவர்களில் 85 சதவீதம் பேருக்காவது சரியாகப் புரிய வேண்டும். ஆபத்தான எதிர் அர்த்தத்தில் எடுப்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புரியாதவர் திரும்பி வந்து கேட்பார். தப்பாகப் புரிந்தவர் கேட்கவே மாட்டார்.

சின்ன மருந்தகத்தில் நூறு பேரைக் கூட்ட முடியாது. வரிசையில் நிற்கிற ஐந்தாறு வயதானவர்களிடம் காட்டுவேன். 'இது காலைதானே?' என்று கேட்கக் கூடாது, எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'இதைப் பார்த்தால் வீட்டில் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். ஒருவர் எதிர்மாறாகச் சொன்னாலும் அந்தப் படத்தை நான் வைத்துக்கொள்வதில்லை.

[திரையில்: பாதியாக வெட்டிய மாத்திரை அட்டை]

அப்புறம் ஒன்று, அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தை நோயாளியிடம் கொடுங்கள். அவருக்கு அது வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு அது வேண்டும்.

[திரையில்: பெரியவரின் கை, கவரைத் தட்டுகிறது.]

அடுத்த மாதம் வந்தபோது கவரைக் காட்டி, எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். 'வெட்டு முடிஞ்சு, பால் எடுத்து ஊத்திட்டு, கஞ்சி முன்னால வச்சிட்டு' என்றார். மணி எத்தனை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.