மூன்று வாரச் சராசரியும் லாங் சைஸ் நோட்டும்

வணக்கம் நேயர்களே. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். திருமங்கலத்தில் என் சித்தப்பாவுக்கு ஸ்டேஷனரி கடை. 2022-ல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட ஒரு தப்புக் கணக்கைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கடைசி மூன்று வார விற்பனையைக் கூட்டி மூன்றால் வகுத்தால் அடுத்த வாரத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று தெரியும். வாரம் போகப் போக, பழைய வாரத்தை விட்டுவிட்டுப் புதிய வாரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் நகரும் சராசரி. பேனா, ரப்பர் விற்கும் சாதாரண நாட்களில் நன்றாகவே பலிக்கும்.

192 பக்க லாங் சைஸ் நோட்டு மே மாதத்தில் வாரத்துக்கு 10, 12, 14 டஜன் என்று போனது. சராசரி 12. அடுத்த வாரம் போனதோ 40. மறுபடி கணக்குப் போட்டால் 22 வந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தைய அந்த வாரம் 90 போனது. குறைந்ததை வாங்க, சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு தினமும் மதுரைக்கு ஓடினார். பள்ளி திறந்த வாரம் 80. அப்புறம் கணக்கு 70 என்றது, விற்றதோ 25. மீதி நோட்டு பரணில் ஏறியது. ஏறும்போதும் இறங்கும்போதும் சராசரி பின்னாலேயேதான் வரும்.

சரி, போன வருஷங்களின் மே கடைசி வாரத்தைச் சராசரி எடுக்கலாமா? அங்கேயும் ஒரு சிக்கல். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி திறந்த நாள் 2023-ல் ஜூன் 12, 2024-ல் ஜூன் 10, 2025-ல் ஜூன் 2. முதல் இரண்டிலும் வெயிலால் தேதி தள்ளிப்போனது. அதனால் 2025-ல் கூட்டம் நெரிந்த மே கடைசி வாரம், 2023-ல் ஈயோட்டிய வாரம். இப்போது நாங்கள் காலண்டரைப் பார்ப்பதில்லை. திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணுகிறோம்.

திறப்புக்கு முந்தைய வாரத்தில் மூன்று ஆண்டும் விற்றது 93, 48, 99 டஜன். சராசரி 80. அந்த 48 எனக்கு உறுத்தியது. பில் புத்தகத்தைப் புரட்டினால், 2024-ல் புதன்கிழமை ராத்திரிக்குப் பிறகு அந்த நோட்டுக்கு ஒரு பில்கூட இல்லை. சரக்கே தீர்ந்துவிட்டது! மூன்று நாளில் 48 என்றால், ஆறு நாளுக்குக் குறைந்தது 96. குறைந்தது என்கிறேன், ஏனென்றால் வெள்ளி, சனியில்தான் கூட்டம் அதிகம். 96 போட்டால் சராசரியும் 96 ஆகிறது. சரக்குத் தீர்ந்த நாளைக் குறித்து வைக்காவிட்டால், போன வருஷத்துத் தட்டுப்பாடு அடுத்த வருஷக் கணக்கிலும் புகுந்துகொள்ளும்.

இதற்கும் பிடிபடாத ஒன்று உண்டு. பக்கத்துத் தனியார் பள்ளி திடீரென்று நோட்டைத் தானே விற்க ஆரம்பித்துவிட்டால், பழைய மூன்று வருஷம் அதைச் சொல்லாது. அதனால் ஆர்டர் கொடுக்கும் முன், சித்தப்பா அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேரிடம் கேட்டுவிடுகிறார்.

நன்றி, வணக்கம்.